கிணற்றடியும் வாங்கும்: எங்கள் பாடசாலைகளில் பொது விழுமியம் வந்த வழி

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருக்கிறபோது வாசியுங்கள்.

போன கிழமை பெற்றோர் கூட்டம் முடிந்த பிறகு ஒரு ஐயா என்னிடம் கேட்டார்: "சேர், சமயபாடத்துக்கு அவரவர் புத்தகம் இருக்குது. அதுக்கு வெளியில, எல்லாப் பிள்ளையளுக்கும் சேர்த்து நல்லது கெட்டது சொல்லிக் குடுக்கிறதெண்டால் எதை வைச்சுச் சொல்லிக் குடுப்பியள்?" நின்ற நிலையில் சொல்லக்கூடிய பதில் அல்ல. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அந்த ஐயாவும் இந்தப் பக்கத்தைப் பார்ப்பவர்தான்.

முதலில் பழைய கதை. குடாநாட்டில் பாடசாலை என்பது ஆரம்பத்திலேயே சமயத்தோடு ஒட்டி வந்தது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. மெதடிஸ்த மிஷனும் கத்தோலிக்கத் திருச்சபையும் தங்கள் பாடசாலைகளை நடத்தின. எழுத்தும் கணக்கும் ஆங்கிலமும் வேண்டுமென்றால் வேதபாடத்தையும் கேட்டுக்கொண்டு இருக்கவேண்டும் என்பதே நடைமுறை. மெதடிஸ்தப் பாடசாலையில் படித்து அங்கேயே படிப்பித்த ஆறுமுக நாவலர், 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதற்குக் காரணம் இதுதான். மிஷன்காரர்களின் முறைகளையே, அதாவது வகுப்பு, அச்சுப் புத்தகம், படிப்படியான பாடம் என்பவற்றையே, அவர் தன் சமயத்துக்காக எடுத்தாண்டார்.

அவருடைய பாலபாடப் புத்தகங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருப்பார்கள். நான்காம் பாலபாடத்தின் உள்ளடக்கத்தை ஒரு முஸ்லிமாகப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். களவு, பொய், கள்ளுண்ணல், சூது, கோபம், செய்ந்நன்றி, பெற்றோரைப் பேணல் என்று போகிற தலைப்புகளில் பெரும்பாலானவற்றை எங்கள் மத்ரஸாவில் அப்படியே பாடமாக வைக்கலாம். கிறிஸ்தவப் பிள்ளைக்கும் அதில் தடையில்லை. ஆனால் புலாலுண்ணலைக் கடிகிற பாடம் வரும்போது நான் நிற்கவேண்டும். திருக்குறளிலும் இதே நிலைதான். வாய்மை, இன்னா செய்யாமை, ஒப்புரவறிதல் எல்லாருக்கும் பொது. புலான்மறுத்தல் அப்படியல்ல. அதைத் தமிழ்ப்பாடத்தில் இலக்கியமாக, வள்ளுவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று விளக்கிப் படிப்பிக்கலாம், படிப்பிக்கவும் வேண்டும். 'எல்லாரும் இப்படித்தான் இருக்கவேண்டும்' என்று சொன்னால், குர்பானி இறைச்சி சாப்பிட்டுவிட்டு வருகிற பிள்ளையும் மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளையும் தங்கள் வீட்டைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதாகவே உணரும். பொதுவானது எது என்பதற்கு இது ஒரு கையளவு சோதனை: ஒரு பாடத்தைக் கேட்ட பிறகு எந்தப் பிள்ளையாவது தன் தாய் தகப்பனைப் பற்றி வெட்கப்படுமா என்று பார்த்தால் போதும்.

மிஷன் ஒரு பக்கம், சைவம் மறுபக்கம் என்று போட்டி வளர்ந்தது. 1869இல் அரசாங்கம் பொதுப்போதனைத் திணைக்களத்தை உண்டாக்கி, சமயப் பாடசாலைகளுக்கும் உதவி நன்கொடை கொடுக்கத் தொடங்கியது. காசு லௌகிக பாடங்களின் பெறுபேற்றுக்குத்தான். ஆனால் பாடசாலை மிஷனுடையது என்பதால் சுவரும் மணியும் காலைச் செபமும் மிஷனுடையதாகவே இருந்தன. நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்த பிள்ளைகளைப் பற்றி 1870களின் தொடக்கத்தில் எழுந்த பிணக்கு நாவலரை ஓர் ஆங்கிலப் பாடசாலை தொடங்கும் அளவுக்குத் தள்ளியது. அது நிலைக்கவில்லை. 1890இல்தான் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி நின்று பிடித்தது. பிறகு 1923இல் சைவ வித்தியாவிருத்திச் சங்கம் வந்து கிராமம் கிராமமாகப் பாடசாலை திறந்தது. ஒரு பிள்ளை தன்னுடையதல்லாத சமயபாடத்துக்கு இருக்கவேண்டியதில்லை என்ற உரிமையைச் சட்டத்தில் எழுதுவிக்கப் பல பத்தாண்டுகள் வாதாடவேண்டி வந்தது. 1939ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டத்தில் அது இடம்பெற்றிருந்தது.

(நெற்றியில் என்ன இருக்கிறது என்பது அன்று பிரச்சினை. 2018இல் திருகோணமலையில் ஆசிரியைகள் அபாயா போட்டது பிரச்சினை. உடுப்பைப் பற்றிச் சண்டை பிடித்தவர்களில் எத்தனை பேருக்குத் திருநீற்றுக் கதை தெரிந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.)

இந்தக் காலத்தில் முஸ்லிம் பிள்ளை எங்கே படித்தது? இதற்கு நல்ல உதாரணம் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். தொடக்கத்தில் குர்ஆன் மத்ரஸா, முஸ்லிம் பாடசாலை. பிறகு இராமகிருஷ்ண மிஷனின் வைத்தீஸ்வர வித்தியாலயம். அதன்பின் யாழ் இந்துக் கல்லூரி. பெயரிலேயே சைவமும் இந்துவும் உள்ள இரண்டு பாடசாலைகளில் படித்த பிள்ளை 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம் ஆனார். 1948இல் அந்தப் பதவியை விட்டு, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராகி 1961 வரை இருந்தார். அங்கே நடந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். முஸ்லிம்களுக்கென்று உண்டான அந்தக் கல்லூரியில் தமிழ்ச் சைவப் பிள்ளைகளும் படித்தார்கள். கரவெட்டியிலிருந்து போன கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே படித்தார், பிறகு அங்கேயே படிப்பித்தார். இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் பிள்ளைக்கு இடம் கொடுத்தது. அந்தப் பிள்ளை அதிபரானபோது அவருடைய முஸ்லிம் கல்லூரி வடமராட்சிப் பிள்ளைக்கு இடம் கொடுத்தது. இரண்டு கல்லூரிகளும் தங்கள் சமயப் பெயரைக் கழற்றி வைக்கவில்லை. ஒரு பாடசாலைக்குச் சமய அடையாளம் இருப்பது ஒன்று, அதற்குள் வருகிற வேறு பிள்ளையை எப்படி நடத்துகிறது என்பது வேறொன்று. இரண்டாவதில்தான் பக்கச்சார்பு தெரியும்.

அஸீஸின் கதையோடு நிறுத்தினால் யாழ்ப்பாணத்தைப் பற்றி அழகான படம் கிடைக்கும், ஆனால் அது அரைப்படம். அதே ஆண்டுகளில், அதே சைவப் பாடசாலைகளின் வாசலில், அதே சைவப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் வெளியே நின்றார்கள்.

ஊரில் வயதானவர்களுக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகளைப் பல பாடசாலைகள் சேர்க்கவில்லை. சேர்த்த இடத்திலும் மற்றப் பிள்ளைகள் வாங்கில் இருக்க, இவர்கள் நிலத்தில் இருந்தார்கள். உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாரும் சமமாக உட்காரவேண்டும் என்று 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரசாங்கம் வற்புறுத்தியபோது குடாநாட்டில் பெரிய எதிர்ப்பு எழுந்தது. 'சமாசனம்' என்ற சொல் அப்போது வீடு வீடாக அடிபட்டது. சில பாடசாலைகளுக்குத் தீயும் வைத்தார்கள். ஒரு வாங்கில் ஒன்றாக இருப்பதற்காக.

மறுபக்கம், அதே தலைமுறையில்தான் யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ் இருந்தது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற கிறிஸ்தவர்களும் இந்துக்களும் சேர்ந்து 1924இல் தொடங்கியது. 1927இல் காந்தி இங்கே வந்ததற்கு அவர்களே காரணம். தீண்டாமையை அவர்கள் தங்கள் முதல் எதிரிகளில் ஒன்றாக வைத்தார்கள். ஆக, சமத்துவம் என்ற விழுமியத்தில் அன்று கோடு கிறிஸ்தவத்துக்கும் சைவத்துக்கும் இடையில் ஓடவில்லை. இரண்டு சமயங்களுக்கு உள்ளேயும் குறுக்காக ஓடியது. தேவாலயங்களிலும் சாதிப்படி இருக்கை இருந்த இடங்கள் உண்டு. நாங்களும் பெருமைப்பட அதிகமில்லை. நாவிதத் தொழில் செய்த ஒஸ்தாமார் குடும்பத்தோடு சம்பந்தம் செய்ய மறுத்த முஸ்லிம் ஊர்கள் இந்த நாட்டில் இருந்தன.

இலவசக் கல்வி 1945இல் வந்தது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்து, சாதி காரணமாகப் பாடசாலை அனுமதியை மறுப்பதைக் குற்றமாக்கியது. அந்த ஆண்டுகளில்தான் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பௌத்த சங்கத்தின் ஆதரவோடு தமிழ்ப் பிள்ளைகளுக்கான பாடசாலைகள் எழுந்தன. சைவப் பாடசாலை மறுத்த பிள்ளைக்குப் புத்தரின் பெயரில் வாசல் திறந்தது. அதன் பின்னால் இருந்த அரசியலைப் பற்றிப் பலரும் பலவிதமாகக் கதைப்பார்கள். எனக்குத் தெரிகிற விஷயம் எளிமையானது: பக்கத்துப் பாடசாலையில் வாங்கு கிடைத்திருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கு வேறொரு சமயத்தின் கூரை தேவைப்பட்டிருக்காது.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை அரசு எடுத்துக்கொண்டது. இன்று நடைமுறை என்னவென்றால், சமயபாடத்தில் பிள்ளைகள் பிரிவார்கள், மற்றப் பாடங்களில் ஒன்றாக இருப்பார்கள். சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் வகுப்பில் இரண்டே இரண்டு முஸ்லிம் பிள்ளைகள் இருக்கும் பாடசாலையில் இஸ்லாம் ஆசிரியர் இருக்கமாட்டார். 1990 ஒக்டோபருக்குப் பிறகு குடாநாட்டில் எங்கள் எண்ணிக்கை என்னவானது என்று உங்களுக்குத் தெரியும். சமயபாட மணி அடித்ததும் அந்த இரண்டு பிள்ளைகளும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு நூலகத்துக்குப் போவார்கள். ஒருவரும் அவர்களைத் துரத்தவில்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் எழும்பிப் போகிறது அவர்கள்தான். காலைக் கூட்டத்தில் ஒரு தேவாரம் பாடினால் பெரும்பான்மைக்கு அது வழக்கம், அந்த இருவருக்கும் வாயை மூடிக்கொண்டு நிற்கிற நேரம். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையில் தேவாரத்துக்குப் பிறகு ஒரு நிமிட மௌனம் விடுகிறார்கள். அவரவர் தங்கள் பிரார்த்தனையை மனதுக்குள் செய்யலாம். தேவாரத்தை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எனக்கும் அது நிற்பதில் விருப்பமில்லை. அந்த ஒரு நிமிடம் செலவில்லாமல் கிடைத்தது.

இனி அந்த ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன். எதை வைத்துப் படிப்பிப்பது?

நான் தண்ணீரை வைத்துப் படிப்பிக்கிறேன். புத்தூரில் இருந்துகொண்டு வேறு எதை எடுப்பது? நிலாவரைக் கிணறு பக்கத்தில் இருக்கிறது. இராமர் அம்பு எய்து உண்டாக்கியது என்ற கதை எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதை 'இப்படி ஒரு கதை சொல்வார்கள்' என்று சொல்லிவிட்டு, சுண்ணாம்புக் கல்லைக் காட்டுகிறேன். மழைத்தண்ணீர் கல்லின் வெடிப்புகள் வழியாக இறங்கிக் கீழே தங்குகிறது. கடல்நீரை விட நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் அது உவர்நீரின் மேலே மிதக்கிறது. அதனால்தான் நிலாவரையில் மேலே நன்னீர், ஆழம் போகப் போக உவர். ஒரு தோட்டக்காரர் அளவுக்கு மேல் இறைத்தால் பக்கத்துக் காணிக் கிணற்றிலும் உவர் ஏறும். ஆகவே தண்ணீர் விஷயத்தில் எவருக்கும் தனிக் கிணறு கிடையாது. இது சமயம் எதுவானாலும் மாறாத செய்தி. தொல்லியல் என்ற பெயரில் அந்தக் கிணற்றடியில் எழுந்த பதற்றத்தையும் பிள்ளைகள் கண்டவர்கள். ஒரு கிணற்றை எந்தச் சமயத்துக்கு எழுதிக் கொடுப்பது என்று பெரியவர்கள் அடிபடுவதை அவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

அதற்குப் பிறகு நாலு கதை. திங்களூர் அப்பூதியடிகள், தான் கண்டிராத திருநாவுக்கரசரின் பெயரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தது. பிராமணர் அவர், வேளாளர் நாவுக்கரசர். மதீனாவில் ரூமா என்ற கிணற்றின் தண்ணீரை அதன் சொந்தக்காரர் விலைக்கு விற்க, உஸ்மான் (ரலி) அதை வாங்கி எல்லாருக்கும் இலவசமாக விட்டது. யூதரான இயேசு, சமாரியப் பெண்ணிடம் கிணற்றடியில் குடிக்கத் தண்ணீர் கேட்டதும், நீர் எப்படி என்னிடம் கேட்கிறீர் என்று அவள் திகைத்ததும். புத்தரின் சீடர் ஆனந்தர், தீண்டத்தகாதவள் என்று ஒதுக்கப்பட்ட பெண்ணிடம் தண்ணீர் கேட்டபோது அவள் தன் குலத்தைச் சொல்லித் தயங்க, தான் கேட்டது குலத்தையல்ல, தண்ணீரை என்று அவர் சொன்னது. தாகூர் 'சண்டாளிகா' நாடகத்துக்கு எடுத்தது இந்தக் கடைசிக் கதையைத்தான்.

நாலையும் சொல்லிவிட்டு, 'எல்லாச் சமயமும் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறது, பார்த்தீர்களா' என்று முடிப்பது லேசு. பெரும்பாலான ஒற்றுமைக் கூட்டங்கள் அங்கேதான் முடிகின்றன. வகுப்பில் அப்படி முடிக்காமல் இருப்பதுதான் வேலை. இரண்டு கதைகளை ஒரு பக்கமும் இரண்டை மறுபக்கமும் கரும்பலகையில் எழுதி, என்ன வித்தியாசம் என்று கேட்பேன். எட்டாம் வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை பிடித்துவிடும். முதல் இரண்டிலும் தண்ணீர் கொடுக்கிறார்கள். மற்ற இரண்டிலும், தாழ்ந்தவர் என்று ஊர் சொல்கிறவரின் கையிலிருந்து வாங்கிக் குடிக்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் தண்ணீர் கொடுப்பதற்கு ஒருநாளும் குறைவிருக்கவில்லை. திருவிழாவுக்குத் திருவிழா தண்ணீர்ப்பந்தல், மோர்ப்பந்தல். ஒடுக்கப்பட்டவர் தாகம் என்று வந்தாலும் தண்ணீர் கிடைத்தது, சிரட்டையில் அல்லது உயரத்திலிருந்து கையில் ஊற்றி. நடக்காமல் போனது மற்றது: அவர்கள் தங்கள் வாளியை எங்கள் கிணற்றில் விடுவது, அவர்கள் வீட்டு மூக்குப்பேணியில் நாங்கள் குடிப்பது. கொடை என்ற விழுமியம் அந்தச் சிரட்டையோடு நூறு வருடம் சமாதானமாக வாழ்ந்தது. ஆகவே பொதுவானது என்று எதையாவது பிடிக்கிறபோது, மிக இலகுவாக எல்லாரும் தலையாட்டுகிற பாதியை மட்டும் பிடித்துவிடக்கூடாது.

பிறகு பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். வாங்கிக் குடித்த கதை அவரவர் சமயத்தில் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வரவேண்டும். சைவப் பிள்ளைகள் கண்ணப்பரோடு வருவார்கள். வேடர் வாயில் முகந்து கொண்டுவந்து உமிழ்ந்த நீரைச் சிவன் ஏற்ற கதை. இதைவிடப் பெரிய வாங்கிக் குடித்தல் உண்டா? முஸ்லிம் பிள்ளைக்கு நான் உதவுவேன். ஒரு பயணத்தில் தாகத்தால் தவித்தபோது, இஸ்லாத்தை ஏற்காத ஒரு பெண்ணின் தோற்பையிலிருந்த தண்ணீரை நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் பெற்றுக் குடித்த செய்தி ஹதீஸில் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தின் காரணத்தைத் தன்னோடு வைத்துக்கொள்கிறது. கண்ணப்பர் ஏன் பெரியவர் என்பதற்குச் சைவப் பிள்ளை சொல்லும் காரணம் பக்தி, அது எனக்குப் பொருந்தாது. நான் சொல்லும் காரணம் அவர்களுக்குப் பொருந்தாது. காரணங்களை ஒன்றாக்க நான் முயல்வதில்லை. எல்லாச் சமயமும் ஒன்றுதான் என்று சொல்கிற ஆசிரியர், தன்னை அறியாமலே ஐந்தாவது சமயம் ஒன்றைப் படிப்பிக்கத் தொடங்கிவிடுகிறார். என் பிள்ளைக்கு அதை யாராவது படிப்பித்தால் நான் போய்க் கேட்பேன். உங்கள் பிள்ளைக்கு நான் படிப்பித்தால் நீங்களும் வந்து கேட்கவேண்டும்.

பாடத்தின் கடைசிப் பகுதி பாடசாலைத் தண்ணீர்க் குழாயடியில். வரிசை எப்படி நிற்கிறது, யார் யாருடைய போத்தலில் குடிக்கிறார்கள், யாருடையதில் குடிப்பதில்லை என்று பிள்ளைகளே ஒரு கிழமை பார்த்து எழுதுவார்கள். பெயர் எழுதக்கூடாது என்பது நிபந்தனை. அந்தத் தாள்களை நான் வகுப்பில் வாசிப்பதில்லை, எடுத்து வைத்துக்கொள்வேன். சிலதில் ஒன்றுமிருக்காது. சிலதைப் படித்துவிட்டு அன்று மத்தியானம் சாப்பிட மனம் வராது.

அடுத்த தவணைக்கு இன்னொன்று செய்ய யோசித்திருக்கிறேன், அதற்கு உங்கள் உதவி வேண்டும். புத்தூர், நவக்கிரி, ஆவரங்கால், அச்செழுப் பக்கங்களில் எந்தக் கிணறு எந்தக் காலத்தில் எல்லாருக்கும் திறந்தது, பாடசாலையில் நிலத்தில் இருந்தவர்கள் எப்போது வாங்குக்கு வந்தார்கள் என்று எழுபது, எண்பது வயதானவர்களுக்கு ஞாபகமிருக்கும். இருந்தவர்களும் இருத்தியவர்களும் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். யாருடைய பெயரும் குடும்பமும் வெளியே வராது. உங்கள் வீட்டு அப்பு, அம்மம்மா சொல்ல விரும்பினால், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு பிள்ளைகள் இரண்டு பேரோடு நான் வந்து கேட்டு எழுதுகிறேன். கீழே எழுதாமல் தனியாகச் செய்தி அனுப்புங்கள்.